அப்பா அனுப்பிய உறக்கக்கதை: ஒரு சிறுகதையைக் கட்டும் முறை

புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் காட்டும் கதைகளில் ஒரு கரு அடிக்கடி வருகிறது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அப்பா, ஊரில் இருக்கும் சின்ன மகளுக்கு இரவில் கதை சொல்லி வீடியோ எடுத்து அனுப்புகிறார். குமரி மாவட்டத்தில் இந்தக் கருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. குளச்சலில் கேட்டாலும் குலசேகரத்தில் கேட்டாலும் நாலு வீடு தள்ளி அப்படி ஒருவர் இருப்பார்.

ஆனால் வரும் கதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்பா இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து மகளின் படத்தைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது, கதை சொல்கிறார், கடைசியில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்கிறார். அத்தோடு முடிந்துவிடுகிறது. ஏக்கம் இருக்கிறது, நடப்பது ஒன்றுமில்லை.

இந்தக் கருவை வைத்து ஆயிரத்து இருநூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் ஒரு கதையை எப்படிக் கட்டலாம் என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். சிறுமியின் பெயர் அபிஷா, நாலு வயது. வீடு குலசேகரம் பக்கம். வீட்டில் அம்மாவும், ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பாட்டாவும் இருக்கிறார்கள். அப்பா ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டட வேலையில் இருக்கிறார்.

கதை எந்த வீட்டில் நடக்கிறது

எழுத உட்காருவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். அப்பாவின் அறையில் நின்று கதையைச் சொல்லப் போகிறோமா, மகளின் வீட்டில் நின்று சொல்லப் போகிறோமா?

இரண்டிலும் மாறி மாறிச் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றும். சிறிய கதைக்கு அது தாங்காது. இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டால் வாசகருக்குத் தேட எதுவும் மிச்சமிருக்காது. நான் மகளின் வீட்டைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் இந்த வீடியோவின் தன்மையிலேயே இருக்கிறது. அது ஒரு பக்கமாக மட்டும் பேசும். அப்பா பேசிய பேச்சு வீட்டுக்கு வந்துசேர்கிறது. ஆனால் அதைக் கேட்டு மகள் என்ன செய்தாள் என்பது அப்பாவுக்குப் போவதில்லை. அவருக்குத் தெரிவது இரண்டு நீலக் குறிகள் மட்டும். நாம் வீட்டில் நின்றால் அப்பா பார்க்க முடியாததை வாசகர் பார்ப்பார். கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. அப்பாவின் மனசுக்குள் நாம் நுழைய முடியாது. அவர் களைத்திருக்கிறாரா, அழுதாரா என்பதெல்லாம் வீடியோவில் தெரிகிற அளவுக்குத்தான் தெரியும். ஆறு அங்குலத் திரையில் ஒரு முகம், பின்னால் ஒரு சுவர், அவ்வளவுதான். எழுதும்போது கை தானாக அவர் மனசுக்குள் போகப் பார்க்கும். "அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது" என்று ஒரு வரி விழுந்தால் உடனே நிறுத்துங்கள். அந்த ஞாபகம் திரையில் எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

மணிக்கணக்கைப் போட்டுவிடுங்கள்

ஏன் வீடியோ? நேரே கூப்பிட்டுப் பேசலாமே? கதையைப் படிக்கிற எவரும் இதைக் கேட்பார்கள். பதிலைக் கதைக்குள் ஒரு விளக்கமாக எழுத வேண்டாம். ஆனால் எழுதுகிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கதை நெடுக அது இடறும்.

அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் என்றால் இரண்டரை மணி நேரம். அபிஷா எட்டரைக்குப் படுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அப்பாவுக்கு மணி ஏழு. வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருப்பார், இல்லை கேம்பில் குளிக்க வரிசையில் நிற்பார். அப்புறம் சமையல், சாப்பாடு. அவர் ஓய்ந்து உட்காரும்போது அங்கே ஒன்பதரை ஆகிவிடும். இங்கே மணி பதினொன்று. பிள்ளை உறங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அமீரகத்தில் வாட்ஸாப்பில் செய்தியும் வீடியோவும் போகும், வரும். வாட்ஸாப் அழைப்புதான் அங்கே நெடுங்காலமாகத் தடைபட்டிருக்கிறது. அழைக்க வேண்டுமானால் அங்கே அனுமதி பெற்ற வேறு செயலிகள் வேண்டும். "துபாயிலிருந்து வாட்ஸாப்பில் வீடியோ கால் போட்டார்" என்று எழுதினால், அங்கே இருந்துவிட்டு வந்த வாசகர் அந்த வரியிலேயே கதையைக் கீழே வைத்துவிடுவார்.

ஆக, அப்பா இரவில் பதிவு செய்து அனுப்புகிறார். மகள் அதை மறுநாள் இரவு பார்க்கிறாள். அவள் பார்ப்பது எப்போதும் நேற்றைய அப்பாவைத்தான். அவருக்கு இன்று காய்ச்சலாக இருந்தாலும் திரையில் அவர் நேற்று நன்றாக இருந்தபடியே இருப்பார். இந்தக் கணக்கைக் கதையில் எழுத வேண்டாம். நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அப்பா ஏன் குசுகுசுவென்று சொல்கிறார்

இந்தக் கதைக்கு நான் கண்டுபிடித்த திறவுகோல் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

கேம்பில் தனி அறை கிடையாது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், ஆறு பேரோ எட்டுப் பேரோ இருப்பார்கள். காலை நாலு மணிக்கே எழுந்து வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒன்பதரைக்கெல்லாம் உறங்கிவிடுவார்கள். அப்பா அங்கே சத்தமாகக் கதை சொல்ல முடியாது. மேல்கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, குசுகுசுவென்றுதான் சொல்வார். முதல் வீடியோவில் அவர் முன்னுரையாக ஒன்று சொல்லியிருக்கிறார்: "மக்களே, அப்பா பையத்தான் செல்லுவேன் கேட்டியா. இங்க மாமாமாரு எல்லாம் ஒறக்கம்."

இந்த ஒரு வரியால் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. அறை எப்படிப்பட்டது என்று தனியாக வருணிக்க வேண்டியதில்லை. அப்பா பிறரை நினைத்துப் பார்க்கிறவர் என்பதும் தெரிந்துவிடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளை இதை எப்படி எடுத்துக்கொள்வாள்?

நாலு வயதுப் பிள்ளைக்குக் கதை என்பது கதைமட்டும் அல்ல. சொல்லும் விதமும் அதில் சேர்த்தி. அபிஷாவுக்கு நினைவு தெரிந்து கேட்கும் கதைகள் எல்லாமே குசுகுசுவென்று சொல்லப்பட்டவை. ஆகவே கதை என்றால் குசுகுசுவென்றுதான் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அங்கன்வாடியில் டீச்சர் கதை சொல்லச் சொன்னால், எழுந்து நின்று, வாயை டீச்சரின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள். டீச்சர் "சத்தமா செல்லு பிள்ளே" என்கிறார். அபிஷா தலையாட்டி மறுக்கிறாள்.

இந்தக் காட்சியைக் கதையின் தொடக்கத்தில் வையுங்கள். காரணத்தை இன்னும் சொல்லக் கூடாது. டீச்சர் மாலையில் அம்மாவிடம் "பிள்ளைக்குத் தொண்டையில எதுவும் இருக்கா?" என்று கேட்பதோடு காட்சி முடியட்டும். அடுத்த காட்சியில் இரவு வருகிறது, போன் வருகிறது, அப்பாவின் குரல் வருகிறது. வாசகருக்கே புரிந்துவிடும்.

உள்கதையைத் தனியாக எழுதுங்கள்

அப்பா சொல்லும் கதை என்ன? "ஒரு கதை சொன்னார்" என்று எழுதித் தப்பிப்பதைத்தான் பல கதைகளில் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் நடுவில் ஒரு ஓட்டை விழுந்துவிடும். வேறு காகிதத்தில் அந்தக் கதையை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள், நூற்றைம்பது சொல் போதும். பிறகு அதிலிருந்து முப்பது நாற்பது சொல்லை மட்டும் சிறுகதைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்ட கதை இது. வீட்டுக்குப் பின்னால் மட்டிவாழைக் குலை ஒன்று பழுக்கப் போகிறது. ஒரு மரநாய் தினமும் இரவு ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்து, பழுத்துவிட்டதா என்று மோந்து பார்க்கிறது. "இன்னைக்கும் பழுக்கல" என்று திரும்பிப் போகிறது. மறுநாளும் வருகிறது. மட்டி குமரி மாவட்டத்துப் பழம், மரநாய் ஓட்டின் மேல் ஓடும் சத்தம் பிள்ளைக்குத் தெரிந்த சத்தம். அப்பா தான் வளர்ந்த வீட்டையே கதையாகச் சொல்கிறார், அதை அவர் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கு நடுவே அப்பா நிறுத்துகிறார். நம் ஊரில் கதை கேட்கிறவர் "ம்" கொட்ட வேண்டும். ம் வராவிட்டால் சொல்கிறவர் "ஒறங்கிட்டியா?" என்று கேட்பார். அப்பாவுக்கும் அது பழக்கம். அதனால் பதிவிலும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கொஞ்சம் காத்திருக்கிறார். எதிரே யாருமில்லை, ஆனாலும் அந்த ம்முக்கு இடம் விட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். இங்கே மறுநாள் இரவு அபிஷா அந்த இடங்களில் சரியாக "ம்" சொல்கிறாள். அப்பா தலையசைப்பார். அது அவள் சொன்னதற்காக அசைத்த தலை இல்லை, ஆனால் பொருந்திவிடுகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தத் தலையசைப்பை விளக்கி எழுதிவிடாதீர்கள். "அப்பா நிறுத்தினார். 'ம்' என்றாள். அப்பா தலையசைத்தார்." மூன்று சின்ன வாக்கியம் போதும். நான்காவது வாக்கியம் வந்தால் கெட்டுவிடும்.

என்ன நடக்கிறது

இதுவரை இருப்பது ஒரு நிலைமைதான். இதில் ஏதாவது கலைய வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று, அங்கே விபத்து நடந்து அப்பா இறந்துவிடுகிறார், வீடியோக்கள் மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டு, போனில் இடமில்லாமல் யாரோ வீடியோக்களை அழித்துவிடுகிறார்கள். இரண்டுமே உலகத்தில் நடப்பவைதான். ஆனால் இரண்டும் கதைக்கு வெளியிலிருந்து வந்து விழுகின்றன. இவற்றுக்கும் குசுகுசுப்புக்கும் ம்முக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மாற்றம் ஏற்கெனவே நம் கையில் இருக்கும் பொருள்களிலிருந்து வர வேண்டும்.

குசுகுசுவென்று பேசும் ஒருவரின் குரலை எது அழிக்கும்? நம் மாவட்டத்தில் இருப்பவருக்கு இதற்குப் பதில் உடனே வரும். எடவப்பாதி மழை. தமிழ்நாட்டின் பிற பகுதிகள் பலவற்றில் ஜூன் மாதம் வெயிலாக இருக்கும்போது இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யக் கூடாது என்று விதி, அவ்வளவு வெயில். அப்பாவின் முகம் கறுத்திருப்பதும் இங்கே மழை கொட்டுவதும் ஒரே மாதத்தில் நடக்கும்.

அவர்கள் படுக்கும் பின்கட்டுக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் போனின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் குசுகுசுப்பு கேட்காது. அப்பாவின் உதடு மட்டும் அசையும். அன்று பாட்டாவும் விழித்திருக்கிறார். அதற்கும் காரணம் மழையே. மரத்தில் மழைமறைப்புப் பிளாஸ்டிக் கட்டாத சின்னத் தோட்டத்தில், பட்டை நனைந்திருக்கும்போது பால் வெட்ட முடியாது. விடியற்காலை எழ வேண்டியதில்லை என்பதால் அவர் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரே மழை குரலையும் எடுத்துவிடுகிறது, கேட்பதற்கு ஒரு ஆளையும் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு காரணம் இரண்டு வேலை செய்யும்போது கதை இறுகும்.

இந்தக் காட்சியை நான் எழுதிப் பார்த்தது இப்படி:

"அம்மா சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். தகரம்தான் கேட்டது. அப்பாவின் வாய் திறந்து மூடியது. அபிஷா போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் உதட்டைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள்.

'ஒரு மரநாய் இருந்துதாம்.'

மழைக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால் சத்தமாகத்தான் சொன்னாள். அப்பா நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

'ம்,' என்றார் பாட்டா.

'அது ஓட்டு மேல வந்து மோந்து பாத்துதாம்.'

'ம்.'"

கதையில் அபிஷா முதல்முறையாகச் சத்தமாகப் பேசுவது இங்கேதான். டீச்சர் கேட்டும் வராதது இங்கே வந்திருக்கிறது. இதை அம்மா கவனித்து வியப்பதாகவெல்லாம் எழுத வேண்டாம். தொடக்கக் காட்சியை நன்றாக எழுதியிருந்தால் வாசகரே கவனிப்பார். கவனிக்கவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது தொடக்கத்தை, இந்த இடத்தை அல்ல. எழுதியதை ஒருவருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, "மழைக் காட்சியில என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "பிள்ளை கதை சொன்னாள்" என்று பதில் வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. "பிள்ளை சத்தமா சொன்னாள்" என்று வந்தால் அடுத்த காட்சிக்குப் போகலாம்.

பேச்சு வழக்கு

சொல்லும் மொழியை எழுத்துத் தமிழிலும், பேச்சை மட்டும் ஊர் வழக்கிலும் வைத்துக்கொண்டால் புதியவர்களுக்குச் சுலபம். வழக்கையும் அளந்து போடுங்கள். செல்லு, ஒறக்கம், பைய, ஓர்மை, வெள்ளம், பாட்டா, மக்களே. இந்த ஏழெட்டுச் சொல் போதும், ஊர் வந்துவிடும். இதற்கு மேல் வினைமுற்றுகளில் கைவைக்கும்போது கவனம் வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு வேறு, விளவங்கோடு பக்கத்துப் பேச்சு வேறு. இரண்டையும் ஒரே வீட்டில் கலந்துவிட்டால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் உறுத்தும். உங்களுக்கு எந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்து பழக்கமோ, கதையை அந்த ஊருக்கே மாற்றிக்கொள்ளுங்கள். குளச்சலில் கடற்கரை வீடாக இருந்தால் மரநாய்க்குப் பதில் நண்டு வரட்டும், ரப்பருக்குப் பதில் வள்ளம் வரட்டும். தகரமும் மழையும் அங்கேயும் உண்டு.

அப்பா வந்திறங்கும் காட்சி

கடைசிக் காட்சியில் அப்பா விடுப்பில் வருகிறார். திருவனந்தபுரம் விமான நிலையம், கார், பெட்டி, அத்தர் வாசனை, மிட்டாய் என்று எல்லாவற்றையும் எழுத ஆசை வரும். வேண்டாம். கதை இருட்டிலும் குரலிலும் நடந்தது, முடிவும் அங்கேயே இருக்கட்டும். வந்த அன்று பகல் முழுக்க அபிஷா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரி போதும். நெடுநாள் கழித்து வருகிறவரிடம் சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். திரையில் பழகிய முகம் உடம்போடு வந்து நிற்கும்போது அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இரவு. பின்கட்டு. மழை இல்லை. அப்பா பாயில் படுத்திருக்கிறார். இரண்டு வருடமாகக் குரலை அடக்கிச் சொன்னவருக்கு இன்று அடக்க வேண்டியதில்லை. வாய்விட்டுத் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் பலர் அபிஷாவைச் சிரிக்க வைக்கிறார்கள், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ள வைக்கிறார்கள். அவளுடைய பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அவளுக்குத் தெரிந்த அப்பா சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. கதை சொல்லும் நேரத்தில் பக்கத்தில் யாரோ உறங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களை எழுப்பக் கூடாது. அவளுக்கு இது உறுதியாகத் தெரியும். மழையில் அவள் சத்தமாகச் சொன்னது அப்பா இல்லாத கதை. அப்பா சொல்கிற கதைக்கு முறை வேறு.

அதனால் முதல் வரியிலேயே அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்துகிறாள். முதல் வீடியோவில் அவர் சொன்ன வார்த்தைகள் அவள் வாயிலிருந்து திரும்பி வருகின்றன. கதைக்குள் அதை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் காட்டியிருக்க வேண்டும், அதுவும் இரண்டாம் காட்சியில். இரண்டு முறை காட்டினால் வாசகர் முன்பே ஊகித்துவிடுவார்.

"'ஒரு மரநாய் இருந்துதாம்,' என்று அப்பா ஆரம்பித்தார்.

அபிஷா அவர் வாயைப் பொத்தினாள்.

'பைய செல்லுப்பா. மாமாமாரெல்லாம் ஒறக்கம்.'

அப்பா இருட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கம் அம்மா. பிறகு அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து, குசுகுசுவென்று முதலிலிருந்து தொடங்கினார்.

நிறுத்தினார்.

'ம்,' என்றாள்."